ஒரே நாளில் மூன்று நாடுகள்: பிரிவினையை உலகம் எப்போது ஏற்றுக்கொள்கிறது?

"ஐயா, செர்பியாவின் பகுதியாக இருந்த கொசோவோ தன்னைத் தனி நாடு என்று அறிவித்தது சட்டவிரோதம் இல்லை என்று சர்வதேச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரு பகுதி மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை கிடைத்துவிட்டால் அது தனி நாடாகிவிடலாம் அல்லவா? வங்கதேசத்துக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?"
— சட்டக் கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

தம்பி, 1974 செப்டம்பர் 17 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மூன்று புதிய நாடுகளை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. கரீபியக் கடலில் உள்ள கிரெனடா, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிஸ்ஸாவ், நம் பக்கத்து வங்கதேசம். மூன்றும் ஒரே நாளில் அந்த அவைக்குள் நுழைந்தாலும் மூன்றும் வந்த வழிகள் வேறு வேறு. அந்த மூன்று வழிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிரெனடாவின் கதை மிகச் சுருக்கமானது. பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்தது, 1974 பிப்ரவரி 7 அன்று பிரிட்டனே அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது. ஆண்ட நாடே சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகு யாரும் வழக்காட எதுவும் இல்லை. இன்றுவரை புதிய நாடுகள் உருவாவதற்கு இதைவிட எளிதான, சண்டையற்ற வழி வேறு கிடையாது.

கினி-பிஸ்ஸாவ் போர்த்துகல்லின் கீழ் இருந்தது. அதைக் குடியேற்ற நாடு என்று ஒப்புக்கொள்ளாத போர்த்துகல், தன் நாட்டின் கடல் கடந்த மாகாணம் என்றே சொல்லிவந்தது. விடுதலை இயக்கம் காடுகளிலும் கிராமங்களிலும் பெரும்பகுதியைத் தன் வசப்படுத்தி, 1973 செப்டம்பர் 24 அன்று தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தது. போர்த்துகல் சம்மதிக்கவில்லை, நகரங்களில் அதன் படை அப்படியே இருந்தது. ஆனாலும் ஆறு வாரங்கள்கூட முடிவதற்குள், நவம்பர் 2 அன்று, பொதுச்சபை 93 வாக்குகளால் அந்த விடுதலையை வரவேற்று, போர்த்துகல் படையே அங்கே சட்டவிரோதமாக இருக்கிறது என்று தீர்மானம் நிறைவேற்றியது. 7 நாடுகள் எதிர்த்தன, 30 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. போர்த்துகல் ஏற்றுக்கொண்டதோ மறு ஆண்டு செப்டம்பரில், அதுவும் லிஸ்பனில் ஆட்சியே கவிழ்ந்த பிறகுதான்.

ஆண்ட நாடு மறுத்தபோதும் உலகம் எப்படி ஏற்றது? அந்தப் பகுதி குடியேற்ற நாடாக இருந்தது என்ற ஒரே காரணத்தால்தான். 1960 டிசம்பர் 14-இல் பொதுச்சபை எதிர்ப்பு வாக்கே இல்லாமல் நிறைவேற்றிய குடியேற்ற ஆதிக்க ஒழிப்புப் பிரகடனம், எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்றது. ஆனால் அதே பிரகடனம், ஒரு நாட்டின் நில ஒருமைப்பாட்டைச் சிதைக்கும் முயற்சி ஐ.நா. சாசனத்துக்குப் புறம்பானது என்றும் சேர்த்தே சொன்னது. மறுநாள் நிறைவேறிய மற்றொரு தீர்மானம், எதைக் குடியேற்ற நாடாகக் கொள்ளலாம் என்பதற்கு ஓர் அடையாளம் கொடுத்தது: ஆளும் நாட்டிலிருந்து புவியியல் அடிப்படையில் தனித்தும், இனத்தாலோ பண்பாட்டாலோ வேறுபட்டும் இருக்கும் பகுதி. ஆளுகிறவருக்கும் ஆளப்படுகிறவருக்கும் நடுவே உப்புக் கடல் இருந்தால்தான் சுயநிர்ணயம் கிடைக்குமோ என்று அப்போதே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த அவையில் அமர்ந்திருந்த புதிய ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் தாமே பல மொழிகளும் பல இனங்களும் கொண்டவை. குடியேற்ற ஆட்சியாளர் போட்ட எல்லைக் கோட்டை ஓரிடத்தில் அவிழ்த்தால் தம் வீட்டிலும் அவிழும் என்று அஞ்சியவை. ஆகவே குடியேற்ற மக்களுக்குக் கதவை அகலத் திறந்த அதே கைகள், விடுதலை பெற்ற நாடுகளுக்குள்ளிருந்து பிரிய நினைப்பவர்களுக்கு அதைச் சாத்தி வைத்தன.

மூன்றாவதாக வந்த வங்கதேசம் அந்தச் சாத்திய கதவின் வழியே வந்தது. கிழக்குப் பாகிஸ்தானுக்கும் மேற்குப் பாகிஸ்தானுக்கும் நடுவே ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் இந்திய மண் இருந்தது. மொழி வேறு, உடை வேறு, உணவு வேறு. ஆயினும் 1947-இல் பாகிஸ்தானின் ஒரு பகுதியாகச் சேர்ந்த காரணத்தால் சட்டத்தின் கண்ணில் அது குடியேற்ற நாடு அல்ல. எனவே நீங்கள் கேட்கும் பிரிவினைக்கு அதுதான் உண்மையான சோதனை வழக்கு.

நான் அப்போது ராயபுரத்தில் பள்ளிச் சிறுவன். 1971 நவம்பருக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கடிதங்களில் வழக்கமான தபால்தலையோடு ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒன்றும் கூடுதலாக ஒட்டப்பட்டிருக்கும். எங்கோ எல்லைக்கு அப்பால் நடப்பதற்கு நாம் ஏன் காசு கட்டுகிறோம் என்று அப்பாவிடம் கேட்டது நினைவில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வீடு வாசலை விட்டு ஓடி வந்திருந்தார்கள் என்பதன் பொருள் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அங்கே நடந்ததை வரிசையாகப் பார்ப்போம், ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் வரிசைதான் முக்கியம். கிழக்குப் பாகிஸ்தானின் முன்னணிக் கட்சியான அவாமி லீக் முதலில் தனி நாடு கேட்கவில்லை. 1966-இல் முன்வைத்த ஆறு அம்சத் திட்டம் ஒரு தளர்வான கூட்டாட்சியைத்தான் கேட்டது: மையத்தில் பாதுகாப்பும் வெளியுறவும் மட்டும் இருக்கட்டும், வரியும் வருமானமும் மாகாணத்திடம் இருக்கட்டும் என்பது அதன் சாரம். 1970 டிசம்பரில் பாகிஸ்தான் முழுவதற்கும் பொதுத்தேர்தல் நடந்தது. கிழக்கில் இருந்த 162 பொதுத்தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றது. பெண்களுக்கான இடங்களையும் சேர்த்து 313 பேர் கொண்ட தேசிய அவையில் அதற்கு 167 இடங்கள். இதைக் கவனியுங்கள். ஒரு மாகாணத்தில் மட்டும் வென்ற சிறுபான்மைக் கட்சி அல்ல அது. நாடு முழுவதற்குமான அவையிலேயே தனிப் பெரும்பான்மை பெற்ற கட்சி. அதன் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமான் பாகிஸ்தானின் பிரதமராகியிருக்க வேண்டும். மாறாக, 1971 மார்ச் 1 அன்று ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் யாஹ்யா கான் அவை கூடுவதைத் தள்ளிவைத்தார். டாக்காவில் பேச்சு நடந்துகொண்டிருந்த நிலையில் மார்ச் 25 இரவு ராணுவம் நகரத்தின் மீது பாய்ந்தது. அதன் பிறகுதான் விடுதலை அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 17 அன்று மெஹர்பூர் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில், அந்தத் தேர்தலில் வென்றவர்களைக் கொண்டே ஓர் அரசு பதவியேற்றது.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு அந்த ஆண்டுக்குச் சற்று முந்தைய ஓர் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். 1970 அக்டோபர் 24-இல், அதாவது பாகிஸ்தான் தேர்தலுக்கு ஆறு வாரங்கள் முன்பு, பொதுச்சபை நாடுகளின் நட்புறவு பற்றிய பிரகடனத்தை ஏற்றது. அதில் சுயநிர்ணயம் பற்றிய பகுதி வழக்கம்போல நில ஒருமைப்பாட்டைப் பாதுகாக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு என்று சொல்லும்போது ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது: சம உரிமைக் கொள்கையின்படி நடந்துகொண்டு, இனம், மதம், நிறம் என்ற வேறுபாடின்றித் தன் மண்ணின் மக்கள் அனைவரையும் பிரதிநிதித்துவப்படுத்தும் அரசைக் கொண்ட நாடுகளுக்கு. இதைத் திருப்பி வாசித்தால், தன் மக்களில் ஒரு பகுதியினரை ஆட்சியிலிருந்து அடியோடு விலக்கி நசுக்கும் அரசு அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று வாதிடலாம். கடைசிப் பரிகாரமாகப் பிரிதல் என்று சட்ட அறிஞர்கள் பேசும் கோட்பாடு இதன் மேல்தான் நிற்கிறது.

இந்த எண்ணம் 1970-இல் பிறந்ததும் அல்ல. பின்லாந்துக்குச் சொந்தமான ஓலாந்துத் தீவுகளின் ஸ்வீடிஷ் மொழி பேசும் மக்கள் ஸ்வீடனோடு சேர விரும்பியபோது, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் அமைத்த குழு 1921-இல் இதே அளவுகோலைத்தான் வைத்தது: நியாயமான பாதுகாப்புகளை வழங்க ஒரு நாட்டுக்கு மனமோ திறனோ இல்லாதபோது மட்டுமே பிரிவினை என்பது விதிவிலக்காக எண்ணப்படலாம். அந்தத் தீவுகளுக்கு மொழிப் பாதுகாப்பும் தன்னாட்சியும் கிடைத்தன. இன்றும் அவை பின்லாந்தில்தான் இருக்கின்றன.

அந்தக் கோட்பாட்டுக்கு வங்கதேசத்தைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்காது. அப்படியிருந்தும் உலகம் அப்போது என்ன செய்தது? இந்தியா 1971 டிசம்பர் 6 அன்று வங்கதேசத்தை அங்கீகரித்தது. பூட்டானும் அன்றே அங்கீகரித்தது. மறுநாள் பொதுச்சபை, போரை நிறுத்திப் படைகளை எல்லைக்குள் திருப்ப வேண்டும் என்று 104 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவை 11 நாடுகள், விலகியவை 10. ஒரு கோடி அகதிகள் கண்முன் இருந்தபோதும் உலகின் மிகப்பெரும் பகுதி பழைய எல்லையின் பக்கமே நின்றது. பாதுகாப்பு அவையில் சோவியத் ஒன்றியம் தன் தடையதிகாரத்தைப் பயன்படுத்தியதால்தான் அங்கே அப்படியொரு தீர்மானம் நிறைவேறவில்லை. நியாயம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கையில் உலக நாடுகள் பிரிவோர் பக்கம் வருவது அரிதிலும் அரிது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல நேரும்போதெல்லாம் நான் இந்த வாக்கு எண்ணிக்கையைத்தான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த பிறகு நிலைமை மாறியது. பிப்ரவரி 4-இல் பிரிட்டனும் ஏப்ரல் 4-இல் அமெரிக்காவும் அங்கீகாரம் வழங்கின. இவ்வளவு விரைவுக்கு இரண்டு காரணங்களை நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒன்று, டாக்காவில் அமர்ந்தது இந்தியா கொண்டுவந்து உட்காரவைத்த ஆட்சி அல்ல. பாகிஸ்தானே நடத்திய தேர்தலில் வென்றவர்களின் ஆட்சி. மற்றொன்று, இந்தியப் படை 1972 மார்ச்சிலேயே வெளியேறியது. அண்டை நாட்டுப் படையின் உதவியோடு பிறந்த நாடு, அந்தப் படை போன பிறகும் தன் காலில் நின்றது. வடக்கு சைப்ரஸை ஒப்பிட்டுப் பாருங்கள். 1974-இல் துருக்கிப் படை இறங்கியது, இன்றுவரை அங்கேயே இருக்கிறது. 1983-இல் அங்கே செய்யப்பட்ட தனி நாட்டு அறிவிப்பு செல்லாது என்று பாதுகாப்பு அவை மூன்றே நாளில் தீர்மானித்தது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. வெளியாரின் சட்டவிரோதப் படைபலத்தால் உண்டான ஒன்றை நாடாக ஏற்கக்கூடாது என்பது சர்வதேச நியதிகளில் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்ற ஒன்று. இந்தியாவின் தலையீட்டின் சட்டத் தகுதியைப் பற்றி வாதம் உண்டு. ஆனால் மண்ணைத் தனதாக்கிக்கொள்ளாமல் படையைத் திருப்பி அழைத்ததுதான் வங்கதேசத்தின் அங்கீகாரத்தைக் காப்பாற்றியது.

இனி பலர் படிக்காமல் தாண்டிவிடும் பகுதிக்கு வருகிறேன். மக்கள்தொகை, வரையறுத்த நிலம், செயல்படும் அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை சொன்ன நான்கு அடையாளங்களும் 1972-இல் வங்கதேசத்திடம் இருந்தன. பல நாடுகளின் அங்கீகாரமும் இருந்தது. ஆனால் ஐ.நா.வில் சேர, பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் எதிர்க்கக்கூடாது, பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும். 1972 ஆகஸ்ட் 25 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது 11 நாடுகள் ஆதரித்தன, 3 விலகின, ஒன்றே ஒன்று எதிர்த்தது. அந்த ஒன்று சீனா. போர்க்கைதிகளை விடுவிப்பது உள்ளிட்ட ஐ.நா. தீர்மானங்கள் நிறைவேறவில்லை என்பது அது சொன்ன காரணம். பாகிஸ்தானின் நட்பு நாடு என்பது அனைவரும் அறிந்த காரணம். பாகிஸ்தானோ தன் பங்குக்கு, வங்கதேசத்தை அங்கீகரித்த நாடுகளோடு அமர மறுத்துக் காமன்வெல்த்திலிருந்தே வெளியேறியிருந்தது.

ஆகவே வென்ற போருக்குப் பிறகும் கதவின் சாவி தோற்றவரிடமே இருந்தது. இந்தியாவின் காவலில் ஏறக்குறைய 93,000 பாகிஸ்தானியர் இருந்தார்கள். அவர்களில் 195 பேரைப் போர்க்குற்றங்களுக்காக விசாரிக்க வங்கதேசம் உறுதிபூண்டிருந்தது. 1974 பிப்ரவரி 22 அன்று, இஸ்லாமிய நாடுகளின் மாநாடு லாகூரில் கூடியபோது, பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரலில் டெல்லியில் மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்த 195 பேரும் விசாரணையின்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜூன் மாதம் பாதுகாப்பு அவை எதிர்ப்பின்றிப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் பொதுச்சபை சேர்த்துக்கொண்டது. பழைய அரசின் சம்மதம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதையும், அந்த விலையைச் செலுத்துகிறவர்கள் பெரும்பாலும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களே என்பதையும் இந்த நிகழ்வுகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடு எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது நீங்கள் குறிப்பிட்ட கொசோவோ தீர்ப்புக்கு வருவோம். முதலில், அது தீர்ப்பு அல்ல. பொதுச்சபை கேட்ட கேள்விக்கு 2010 ஜூலை 22 அன்று சர்வதேச நீதிமன்றம் அளித்த ஆலோசனைக் கருத்து. கேள்வியே குறுகலானது: 2008 பிப்ரவரி 17-இல் செய்யப்பட்ட அறிவிப்பு சர்வதேசச் சட்டத்துக்கு இசைந்ததா? பத்து நீதிபதிகள், அது சட்டத்தை மீறவில்லை என்றனர், நால்வர் மாறுபட்டனர். பொதுவாக விடுதலை அறிவிப்புகளைத் தடை செய்யும் விதி எதுவும் சர்வதேசச் சட்டத்தில் இல்லை, படைபலத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துவது போன்ற கடும் மீறலோடு சேர்ந்து வந்தால்தான் ஓர் அறிவிப்பு சட்டவிரோதமாகும் என்பது அவர்களின் காரணம். பிரிந்துபோகும் உரிமை கொசோவோவுக்கு இருந்ததா, கடைசிப் பரிகாரமாகப் பிரிதல் என்ற உரிமை உலகில் உண்டா, அந்த அறிவிப்பால் கொசோவோ நாடாகிவிட்டதா ஆகிய மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை என்று நீதிமன்றம் வெளிப்படையாகவே ஒதுங்கிக்கொண்டது.

நம் பகுதியில் இதை விளக்குவது எளிது. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒருவர் வாசலில் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் பலகை மாட்டியதால் பட்டா வந்துவிடாது. பலகை குற்றமில்லை என்று நீதிமன்றம் சொன்னால், பட்டா உண்டு என்று சொன்னதாகவும் ஆகாது. கொசோவோவின் கையில் இருப்பது அந்தக் கருத்து மட்டும்தான். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்திருந்தும், செர்பியா சம்மதிக்காத நிலையில், ரஷ்யாவும் சீனாவும் தடையதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு அவையைத் தாண்டி அது ஐ.நா.வுக்குள் வர இயலவில்லை. இந்தியாவும் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. 1971-இல் வங்கதேசத்துக்குத் தோள் கொடுத்த இந்தியா, 1979-இல் மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்ந்தபோது, அவற்றின் முதல் பிரிவில் உள்ள சுயநிர்ணய உரிமை அந்நிய ஆதிக்கத்தில் உள்ள மக்களுக்கு மட்டுமே பொருந்தும், இறையாண்மை கொண்ட நாடுகளுக்கோ ஒரு தேசத்தின் ஒரு பகுதி மக்களுக்கோ பொருந்தாது என்று எழுத்து மூலம் பதிவு செய்தது. சில ஐரோப்பிய நாடுகள் அதை ஆட்சேபித்தன. இந்தியாவின் நிலை மாறவில்லை.

வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 2017 செப்டம்பரில் இராக்கின் குர்திஸ்தானில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தனி நாட்டுக்கு வாக்களித்தார்கள், பாக்தாத் ஏற்கவில்லை, அடுத்த மாதமே இராக் படை கிர்க்குக் நகரைத் திரும்பப் பிடித்தது. 2011 ஜனவரியில் தெற்கு சூடானில் 98.83 விழுக்காட்டினர் அதே முடிவை எடுத்தார்கள். ஜூலை 9-இல் விடுதலை, ஜூலை 14-இல் ஐ.நா. உறுப்பினர். மக்களின் விருப்பத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தெற்கு சூடானுக்காக 2005-இலேயே கார்ட்டூமில் இருந்த சூடான் அரசு கையெழுத்திட்ட அமைதி உடன்படிக்கையில் அந்த வாக்கெடுப்பு எழுதப்பட்டிருந்தது. குர்திஸ்தானுக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

ஆனால் சம்மதம் இல்லாத வாக்கெடுப்பு வெறும் காகிதம் என்றும் எண்ணிவிட வேண்டாம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998-இல் அந்நாட்டின் கியூபெக் மாகாணத்தைப் பற்றிச் சொன்ன கருத்தை, இந்தத் துறையில் மிக நேர்மையாக எழுதப்பட்ட ஆவணமாக நான் மதிக்கிறேன். தன்னிச்சையாகப் பிரியும் உரிமை கியூபெக்குக்கு இல்லை என்றது அது. கியூபெக் மக்கள் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர், நாட்டின் உயர்ந்த பதவிகளில் எல்லாம் இருந்தவர்கள் என்று காரணமும் காட்டியது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை பிரிய விரும்பினால், அதைக் காதில் வாங்காமல் இருக்க மற்றவர்களுக்கும் உரிமை இல்லை, பேசித் தீர்க்கும் கடமை அவர்களுக்கு உண்டு என்றது. வாக்கெடுப்பு தானாக நாட்டைப் பிறப்பிக்காது. பேச்சுவார்த்தை மேசையைப் பிறப்பிக்கக்கூடும். அதுவும் கனடாவைப் போலத் தன் அரசியலமைப்பை மதிக்கும் நாட்டில்தான்.

உள்நாட்டுச் சட்டம் தனி விஷயம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சர்வதேசச் சட்டம் அறிவிப்பைத் தடுக்கவில்லை என்பதால் உள்நாட்டுச் சட்டமும் தடுக்காது என்று பொருள் அல்ல. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா நம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கட்சி தொடக்கத்தில் திராவிட நாடு கேட்டது. 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு மாநில உரிமைகளின் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு வந்த 16-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்தது. இலங்கை 1983 ஆகஸ்டில் தன் 6-ஆவது திருத்தத்தால் தனி நாட்டுக் கோரிக்கையையே தடை செய்தது.

இலங்கையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கும் எவர் மனத்திலும் அது இருக்கும் என்பதை நான் அறிவேன். தமிழீழம் கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையும் 1977 தேர்தல் முடிவையும் காட்டி, மக்கள் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது என்று நம் மேடைகளில் பேசுவார்கள். அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மேலே பார்த்த வழக்குகளின் ஒளியில், உலக அவைகளில் கனம் பெறுவது அந்த எண்ணிக்கை மட்டும் அல்ல. உள்ளுக்குள்ளேயே அதிகாரம் கேட்டபோது என்ன நடந்தது, செய்துகொண்ட ஒப்பந்தங்கள் எப்படி மீறப்பட்டன, 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டின் வழிவந்த 13-ஆவது திருத்தம் சொன்ன காணி, காவல் அதிகாரங்கள் மாகாணங்களுக்கு ஏன் போய்ச் சேரவில்லை, போரின் இறுதியில் சரணடைந்தவர்களும் காணாமல் போனவர்களும் என்ன ஆனார்கள் என்பவற்றை நாள், இடம், சாட்சி என்று ஆவணமாக்குவதுதான், ஒரு நாட்டுக்கு மனமோ திறனோ இல்லை என்று அந்த 1921 அளவுகோலின்படி காட்டும் ஒரே வழி. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை தன் 46/1 தீர்மானத்தின் மூலம் இலங்கை பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க ஒரு பிரிவை ஏற்படுத்தியது. நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்: சென்னையிலும் அகதி முகாம்களிலும் வாழ்ந்துகொண்டிருக்கிற, அந்தப் போரைக் கண்ணால் கண்ட முதியவர்களின் வாக்குமூலங்களை, அவர்களின் சம்மதத்தோடும் அவர்களுக்குத் தீங்கு நேராதபடியும், முறையாக எழுதி வைக்க முடியுமா என்று உங்கள் பேராசிரியர்களோடு பேசிப் பாருங்கள்.